படிவத்தின் நான்காவது கட்டம்

கு. லோகப்பிரியா. பிறந்தது 1999 பிப்ரவரி 11. வீடு, சுல்தான்பேட்டைக்குத் தெற்கே பெரிய கிணத்துத் தோட்டம். படிப்பு, எம்.எஸ்சி. புள்ளியியல், முதல் வகுப்பு. சூலூர் கலங்கல் சாலையில் இருக்கும் ஸ்ரீ விசாலம் கிளினிக்கில் வரவேற்பாளராகச் சேர்ந்தது 2024 ஜூன் 3, திங்கட்கிழமை, காலை 8.40.

வேலை நேரம் ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். இருபது நிமிடம் முன்னதாக வந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட ஆளில்லை. ஆகவே அவளுடைய பணிவாழ்வின் முதல் இருபது நிமிடங்கள் பூட்டிய கதவுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் கழிந்தன. இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவளே தன் நோட்டின் முதல் பக்கத்தில், முதல் வரியாக எழுதி வைத்திருக்கிறாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. இருநூறு பக்கம், நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும், ஓரத்தில் எழுதும் பெயருக்கு நேரே, அடிக்கோல் வைத்துப் போட்ட ஐந்து பத்திகள்: நோயாளி கதவைத் திறந்த நேரம், தான் முதல் சொல் பேசிய நேரம், அவர் நாற்காலியில் உட்கார்ந்த நேரம், பழையவரா புதியவரா, குறிப்பு. இப்படி ஒரு நோட்டு வேண்டும் என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. அரசுத் தேர்வு முடிவு வரும் வரைக்கும் ஒரு வேலை என்றுதான் சேர்ந்தாள். ஆனால் எண்ண ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் எண்ணாமல் இருக்க அவளுக்கு வராது.

அவளுடைய அம்மாவுக்கு இந்த வேலையில் பெருமை ஒன்றும் கிடையாது. "எம்மெஸ்சி படிச்சுப்போட்டுச் சீட்டுக் கிழிச்சுக் குடுக்கறயாக்கும்?" என்று கேட்டார். "சீட்டு இல்லம்மா, டோக்கன்" என்று லோகப்பிரியா திருத்தினாள். அந்தத் திருத்தத்தால் நிலைமை எந்த வகையிலும் மேம்படவில்லை.

கிளினிக் சிறியது. டாக்டர் மோகனப்பிரியா பொது மருத்துவர். காலையில் ஒன்பதரை மணிக்குப் பார்க்கத் தொடங்குவார். ஓர் ஆளுக்குச் சராசரியாக எட்டு நிமிடம். நர்ஸ் மிஸ்பா உள்ளே ஒரு தடுப்புக்குப் பின்னால் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துச் சீட்டில் எழுதி அனுப்புவாள். மருந்துக் கடையைக் கவனிப்பவர் பீர் முகம்மது. கதவுக்கு நேர் எதிரே, கண்ணாடி போட்ட மேசைக்குப் பின்னால் லோகப்பிரியா.

பழைய நோயாளிகளால் தொல்லை இல்லை. போன் நம்பரைச் சொன்னால் கணினியில் பெயர் வந்துவிடும். கோப்பை எடுத்து டோக்கனைக் கொடுத்தால் முடிந்தது. நோட்டின் கணக்குப்படி சராசரி 35 விநாடி. சிக்கலெல்லாம் முதல் முறையாக வருகிறவர்களிடம்தான். பெயர், வயது, போன், ஊர், ஏற்கெனவே இருக்கும் நோய், ஒத்துக்கொள்ளாத மருந்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் பயந்துபோய் வேறு வந்திருப்பார்கள். அவர்களை அன்பாகவும் வரவேற்க வேண்டும், பின்னால் நிற்பவர்களின் முறைப்பையும் வாங்காமல் இருக்க வேண்டும்.

முதல் வாரம் அவள் அன்பின் பக்கம் சாய்ந்தாள். ஒவ்வொரு புது ஆளிடமும் நலம் விசாரித்து, மழை விசாரித்து, பிள்ளைகளின் படிப்பு விசாரித்தாள். சராசரி 6 நிமிடம் 10 விநாடி. சனிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார்.

"லோகா, பத்து மணிக்கு வந்தவங்க பதினொண்ணரைக்கும் உன் மேசைகிட்டயே நிக்கறாங்க. நான் உள்ள ஈ ஓட்டிட்டிருக்கறேன்."

இரண்டாவது வாரம் அவள் வேகத்தின் பக்கம் சாய்ந்தாள். "பேரு? வயசு? நம்பர்? அடுத்து." சராசரி 1 நிமிடம் 15 விநாடி. அந்தச் சனிக்கிழமையும் டாக்டர் கூப்பிட்டார்.

"ஒரு அம்மா எங்கிட்டச் சொல்லிட்டுப் போறாங்க, உங்க கிளினிக்குக்கு வந்தா ரேசன் கடைக்கு வந்தாப்பல இருக்குதுன்னு."

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருந்தாக வேண்டும் என்றும், அதைக் கண்டுபிடிக்கத் தன்னைவிடத் தகுதியானவர் சூலூர் வட்டத்திலேயே இல்லை என்றும் லோகப்பிரியா நம்பினாள். மூன்றாவது வாரத்துக்குள் இரண்டு பொருட்களை உருவாக்கினாள். முதலாவது, வரவேற்பு வாசகம். "வாங்க, வாங்க. இதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்ததில்லீங்க, முதல் தடவையா வர்றீங்களா? வந்ததுல சந்தோசமுங்க." போகும்போது சொல்ல ஒரு வரி: "சரிங்க, போயிட்டு வாங்க." இதை வீட்டில் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, சிரிப்பையும் சேர்த்து, ஒன்பது விநாடிக்குள் அடங்கும்வரை பழகினாள். கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்த அப்பா, மகள் பெண் பார்க்க வரப்போகிறவர்களுக்காகத் தயாராகிறாள் என்று நினைத்துக்கொண்டு, தரகருக்குப் போன் போட்டுவிட்டார்.

நோயாளி நோயுடன் வருகிறவர். அவர் வந்ததில் சந்தோசம் என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் என்ற கேள்வி அவளுக்குத் தோன்ற நான்கு நாள் ஆனது. தோன்றியதும் அந்த வரியை நீக்கி இரண்டு விநாடி மிச்சப்படுத்தினாள். வாசகம் அத்தனை பிசிறில்லாமல் ஓடியதால் யார் வந்தாலும் ஓடியது. இன்வெர்ட்டர் பேட்டரி மாற்ற வந்த பிரவின்குமாருக்கும் ஓடியது. அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டோக்கன் கையில் இருந்தது. முக்கால் மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். மிஸ்பா கூப்பிட்டு ரத்த அழுத்தம் பார்த்தபோது நூற்று அறுபதுக்கு நூறு இருந்தது. இப்போது அவர் மாதந்தோறும் வரும் நோயாளி. பேட்டரி மட்டும் அன்று மாற்றப்படவில்லை.

இரண்டாவது பொருள், ஒரு பக்கப் படிவம். அதன் நான்காவது கட்டத்தில்தான் அவளுக்குத் தனிப்பெருமை: "ஊர் / தோட்டம்." அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பாதி விலாசம்தான், குடியானவர்கள் ஊருக்கு வெளியே அவரவர் தோட்டத்தில் வீடு கட்டியிருப்பார்கள், தோட்டத்தின் பெயர்தான் மீதி விலாசம். அதோடு, "எந்தத் தோட்டமுங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "ஆலாந்தோட்டமுங்க அம்மணி." "அட, எங்க அத்தையூட்டுக்குப் பக்கமுங்க." இருபது விநாடிச் செலவில் ஒரு சிரிப்பு. இவ்வளவு மலிவாக அன்பு வேறெங்கும் கிடைக்காது என்று குறிப்புப் பத்தியில் எழுதினாள். நான்கு வாரங்களில் 96 புது நோயாளிகள். சராசரி 3 நிமிடம் 20 விநாடி. டவுன்காரர்கள் தெருப் பெயரைச் சொன்னார்கள். 14 பேர் மட்டும் அந்தக் கட்டத்துக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அங்கே அவள் "பதில் இல்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு மேலே போய்விட்டாள். விடுபட்ட தரவுகளைக் கையாள்வது குறித்து அவள் ஒரு முழுத்தாள் எழுதியவள். அதில் எண்பத்திரண்டு மதிப்பெண் வாங்கியவள்.

ஜூலை 15, திங்கட்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கிளினிக் கிடையாது என்பதால் திங்கட்கிழமைகளில் இரண்டு நாள் நோய் ஒன்றாக வந்து சேரும். பத்து நாற்பதுக்குப் பதினைந்து டோக்கன் கொடுத்து முடித்திருந்தாள். மேசைக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார்.

ஐம்பது தாண்டியவர். துவைத்து மடித்த சட்டை, காதோரம் தறிப் பஞ்சுத் துணுக்கு. வலது காலில் செருப்பு இருந்தது. அதை வெளியே விட்டார். இடது காலில் செருப்பு இல்லை, துணிக்கட்டு. வரிசையில் சேராமல் குடிதண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நின்றார். எல்லோரும் முடித்த பிறகு வரலாம் என்று நிற்பவரின் நிற்பு அது.

ஒதுங்கி நிற்பவரை முதலில் கூப்பிட வேண்டும் என்பது லோகப்பிரியாவின் விதிகளில் ஒன்று. நல்ல விதிதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்க வேண்டுமே என்று அவள் கத்தியதுதான் விதியில் இல்லாதது. "வாங்கய்யா, வாங்க! இதுக்கு முன்னாடி உங்களைப் பார்த்ததில்லீங்க, முதல் தடவையா வர்றீங்களா?"

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. இதுவரை பார்த்திராதவர்களும் அவரை இப்போது பார்த்துக்கொண்டார்கள். அவர் ஓரமாக நடந்து மேசைக்கு வந்தார். முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ஒருவர் மட்டும் வழிவிட்டதைத் தெரியும்படி விட்டார். அவர் தம்பிதுரை, மாதாமாதம் பிரஷருக்கு வருகிறவர், செங்காட்டுப்பாளையத்தில் முப்பது ஏக்கர்.

லோகப்பிரியா படிவத்தின் மூலையில் 16 என்று எழுதிப் படிவத்தை நீட்டினாள்.

"எழுத்து வருமுங்க. கண்ணாடி கொண்டார மறந்துட்டேனுங்க."

"பரவால்லீங்க, நானே எழுதிக்கறேன். பேருங்க?"

"கருப்புசாமிங்க."

"வயசுங்க?"

"அம்பத்தி நாலு."

போன் நம்பரை இரண்டிரண்டு எண்ணாகச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போனது. நேரமும் நன்றாக இருந்தது. நான்காவது கட்டத்துக்கு வந்தாள்.

"எந்த ஊருங்க?"

"செங்காட்டுப்பாளையமுங்க."

"எந்தத் தோட்டமுங்க?"

அவர் பேசவில்லை. காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று லோகப்பிரியா முடிவு செய்தாள். தறியில் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி ஆகும் என்று எங்கோ படித்திருந்தாள். ஆகவே எழுந்து, கண்ணாடியின் ஓட்டைக்கு வாயை வைத்து, இன்னும் உரக்கக் கேட்டாள்.

"தோட்டமுங்க! தோட்டத்தோட பேரு!"

பதில் பின்னாலிருந்து வந்தது. "அவனுக்கு ஏது அம்மணி தோட்டம்?" தம்பிதுரை சிரித்தார். "நம்ம கருப்பன். ஊருக்கு வடக்கால, காலனி. அவங்கப்பன் எங்க தோட்டத்துலதான் கெடந்தான். வேணும்னா எங்க தோட்டத்துப் பேரையே எழுதிக்க."

இரண்டு பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். கருப்புசாமி படிவத்தைப் பார்த்தார். பின்பு கதவைப் பார்த்தார்.

"இருக்கட்டுமுங்க. நான் அப்பறம் வாரேனுங்க."

இந்த இடத்தில் ஒரு மனிதப் பிறவி சொல்லக்கூடிய வார்த்தைகள் எத்தனையோ உண்டு. லோகப்பிரியாவின் வாயிலிருந்து வந்தது, நாலு வாரமாகப் பழகியது. சிரிப்போடு வந்தது.

"சரிங்க, போயிட்டு வாங்க."

அவர் போய்விட்டார். "அடுத்து" என்றாள். தம்பிதுரைக்குப் பதினேழாம் டோக்கன் கொடுத்தாள். அவர் போய் உட்கார்ந்ததும் நோட்டில் எழுதினாள்: புதியவர், 1 நிமிடம் 50 விநாடி. படிவம் வந்த பிறகு பதிவான மிகக் குறைந்த நேரம் அதுதான் என்பதைக் கவனித்து, பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரமும் போட்டாள். அந்த நட்சத்திரம் இன்றும் நோட்டில் இருக்கிறது. அழிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறாள்.

இரண்டு நிமிடம் கழித்து மிஸ்பா தடுப்பிலிருந்து தலையை நீட்டினாள்.

"அக்கா, அந்தக் கால்ல கட்டுப் போட்ட அண்ணன் எங்க? நம்பரு கூப்படற வரைக்கும் கட்டையாவது பிரிச்சுப் பாக்கலாம்னு வந்தேன்."

"அப்பறம் வாரேன்னுட்டுப் போனாரு மிஸ்பா."

"அப்பறம்னா?"

'அப்பறம் வாரேனுங்க' என்றால் என்ன பொருள் என்று அந்த மண்ணில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். மனம் நோகாமல் 'மாட்டேன்' என்று சொல்ல அங்கே இருக்கும் ஒரே வழி அதுதான். புரியாத மொழியில் அவர் எதையும் சொல்லிவிடவில்லை.

"இங்க பாருங்கக்கா." மிஸ்பா தரையைக் காட்டினாள். கதவிலிருந்து மேசை வரைக்கும், மேசையிலிருந்து கதவு வரைக்கும் சின்னச் சின்ன ஈரப் பொட்டுகள். "தண்ணி இல்லக்கா இது. சுகர் புண்ணாட்ட இருக்குது. இப்படி நடந்துட்டுத் திரிஞ்சா வெரலு போயிரும்."

வரிசையில் ஏழு பேர் நின்றார்கள். போன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த கோப்பு வேண்டும் என்று டாக்டரின் மணியும் அடித்தது. மேசையை விட்டு எழுந்தால் திங்கட்கிழமை குட்டிச்சுவராகும். எழாவிட்டால் ஒரு காலின் விரல். இதில் எது பெரிது என்பதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை. இருந்தும் அவள் அரை நிமிடம் யோசித்தாள்.

பின்பு டோக்கன் கட்டை எடுத்துக்கொண்டு மேசைக்கு வெளியே வந்தாள். நின்ற வரிசைப்படி பதினெட்டிலிருந்து இருபத்து நாலு வரைக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தாள்.

"உங்க எடம் இதுதானுங்க, யாரும் புடுங்க மாட்டாங்க. எல்லாரும் உக்காருங்க. நம்பரக் கூப்பட்டா எந்திரிச்சு வந்தாப் போதும். புதுசா வந்தவங்க யாருங்க? நீங்க ரண்டு பேருமா? வாங்க, இந்தாங்க படிவம் செருகின அட்டை, பேனா. தெரிஞ்சத எழுதுங்க, தெரியாதத உட்டுடுங்க, நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கறேன்."

டாக்டருக்கு வேண்டிய கோப்புகளை வரிசைப்படி அடுக்கி மிஸ்பாவிடம் கொடுத்தாள். "பீர் அண்ணா, போன் மட்டும் எடுத்துக்கங்க."

"எங்கம்மணி பொறப்பட்ட, வெயில் காயவா?" என்றார் தம்பிதுரை.

"நீங்க பதினேழுங்க. கூப்படறப்ப வாங்க" என்றாள். அவர் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினாள். பாதி தூரம் போன பிறகுதான் அது பீர் முகம்மதுவின் செருப்பு என்பது தெரிந்தது. பத்தாம் நம்பர் அளவு. சூலூர் பொதுமக்கள் அன்று கண்டது, கையில் அட்டையும் காதில் பேனாவுமாக, தட்டுத் தட்டென்று அடித்துக்கொண்டு கலங்கல் சாலையில் ஓடிய ஒரு புள்ளியியல் பட்டதாரியை.

அதிக தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. இந்தக் காலோடு அவரால் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும் என்பதை யோசித்திருந்தால் நடந்தே வந்திருக்கலாம். பேருந்து நிறுத்தத்தின் நிழலில், சிமெண்டுப் பலகையின் நுனியில் கருப்புசாமி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழப்போனார்.

"ஐயோ, உக்காருங்கய்யா. காலு!"

"ஏனுங்க அம்மணி, எதாச்சும் உட்டுட்டு வந்துட்டேனுங்களா?"

வாசகத்தில் இதற்கு வரி இல்லை. மூச்சு வாங்கியது. "நான் கேட்டது தப்புங்க."

"நீங்க என்ன தப்பாக் கேட்டீங்க? தோட்டம் இருக்கறவங்களக் கேக்கற கேள்வியக் கேட்டீங்க. இல்லாதவனக் கேட்டா வாய மூடிட்டுத்தான நிப்பான்."

"அந்தக் கேள்வி அங்க இருக்கவே வேண்டியதில்லீங்க. நாந்தான் போட்டேன்."

"எதுக்குங்க போட்டீங்க?"

அவள் நேர்மையாக யோசித்துப் பார்த்தாள். "கேட்டா எல்லாரும் சிரிக்கறாங்கன்னு போட்டேனுங்க."

கருப்புசாமி அவள் முகத்தையும், பிறகு அவள் காலில் கிடந்த செருப்பையும் பார்த்தார். "இன்னைக்கும் சிரிச்சாங்கல்லோ" என்றார்.

அவள் கையிலிருந்த அட்டையைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இருவது வருசமாத் தறி ஓட்டறேனுங்க. தறிக்காரரு ஒரு நா கேட்டதில்ல, எந்தத் தோட்டம்னு. நூல் அறுந்தா முடிச்சுப் போடத் தெரியுமான்னு கேட்டாரு. அவ்வளவுதான்."

"கால்ல எத்தனை நாளாங்க?"

"பதனஞ்சு நாளு. தறி மேடையில இடிச்சது. வலியே இல்லீங்க, அதனால உட்டுட்டேன். சம்சாரம்தான் போய்க் காட்டீட்டு வான்னா."

வலி இல்லாத புண்தான் மோசம் என்று மிஸ்பாவின் தடுப்பில் ஒரு படமே ஒட்டியிருக்கிறது. ஆறு வாரமாக அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அதைச் சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் வளைவில் பேருந்து திரும்பியது. கருப்புசாமி பலகையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"பஸ்சு வருதுங்க."

கெஞ்சலாம். கையைப் பிடித்து இழுக்கலாம். இரண்டும் இன்னொரு தடவை ஊர் பார்க்க அவரை நிறுத்தி வைப்பதுதான். அவளுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்று எண். அதைச் சொன்னாள்.

"உங்க நம்பர் பதினாறுங்க. அத வேற யாருக்கும் குடுக்கல. இப்ப உள்ள பதினொண்ணு நடக்குது. உங்களுக்கு இன்னும் நாப்பது நிமிசம் ஆகும். அதுக்குள்ள நர்சு கட்டப் பிரிச்சுச் சுத்தம் பண்ணிருவாங்க. மிச்சத்த நான் உங்க பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதிக்கறேன். கத்த மாட்டேனுங்க."

பேருந்து வந்து நின்றது. கருப்புசாமி படியைப் பார்த்தார்.

"அந்தத் தோட்டத்துக்காரருக்கு என்ன நம்பருங்க?"

"பதினேழுங்க."

"பதினேழு." அவர் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். "அப்ப எனக்குப் பொறகா?"

"மேசைக்கு நீங்கதானுங்க மொதல்ல வந்தீங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்து போய்விட்டது.

"சரி, நடங்க" என்றார் கருப்புசாமி. "செருப்பு பத்தரமுங்க, உழுந்துராதீங்க."

அவள் மேசையை விட்டுப் போன நேரம் ஒன்பது நிமிடம். அதற்குள் கூடத்தில் கைகலப்பே நடந்திருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் கதவைத் திறந்தாள். ஒருவர்கூட நிற்கவில்லை. அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த இருவரும் அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவருக்கும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு உள்ளே போயிருந்தது. ஆறு வாரம் நோட்டுப் போட்டு அவள் தேடிய அந்த நடுப்புள்ளி, அவள் மேசையில் இல்லாத ஒன்பது நிமிடத்தில் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. இதிலிருந்து பெறக்கூடிய முடிவு ஒன்றே ஒன்றுதான் என்று தோன்றியதால், அதை அன்று நோட்டில் எழுதவில்லை.

கருப்புசாமியைக் கதவோர நாற்காலியில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாழ்ந்த குரலில் கேட்டாள். சர்க்கரை இதற்கு முன் பார்த்ததுண்டா, இல்லை. மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா, இல்லை. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட, சம்சாரம் மாசாணியம்மாள். நான்காவது கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அதுல ஒண்ணும் எழுதலீங்களா?"

"போன் நம்பரே போதுமுங்க."

"மொதல்லயே போதுமுன்னு தெரிஞ்சிருக்குமே" என்றார் அவர், கோபமில்லாமல்.

மிஸ்பா அவரை அழைத்துப் போனாள். சர்க்கரை 362. பதினைந்தாம் நம்பர் வெளியே வந்ததும் லோகப்பிரியா எழுந்து நின்றாள். இந்த முறை கத்தவில்லை. "பதினாறு. கருப்புசாமி அய்யா, உள்ள வாங்க."

தம்பிதுரை நிமிர்ந்தார். 'அய்யா' என்ற சொல்லை யாரோ தவறான விலாசத்தில் போட்டுவிட்டதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஏம்மணி, நமக்கு?"

"அவருக்கு அடுத்து நீங்கதானுங்க. எட்டு நிமிசமாகும்."

பதினெட்டு நிமிடமானது.

ஒன்றே முக்காலுக்குக் கூட்டம் முடிந்ததும் டாக்டர் கூப்பிட்டார். சனிக்கிழமை அல்லாத நாளில் கூப்பிட்டது அதுவே முதல் முறை.

"மேசையை விட்டுட்டு ரோட்டுல ஓடினயாமா?"

"ஒன்பது நிமிசங்க டாக்டர்."

"ஓடினது சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலோட ஒருத்தர் உள்ள வந்தாரு. நீ மொதல்ல என்ன பார்த்த?"

படிவத்தைப் பார்த்தேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொன்னாள்.

"மொதல்ல ஆளைப் பாரு. ஒழுகற புண்ணு, நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, மயக்கம், இதுக்கெல்லாம் டோக்கனும் கெடையாது, படிவமும் கெடையாது. மிஸ்பாகிட்ட அனுப்பிட்டு எனக்குச் சொல்லோணும். இவரு இன்னும் பத்து நாள் விட்டிருந்தா நான் கோயமுத்தூருக்குத்தான் அனுப்பியிருக்கோணும், வெரலை எடுக்கறதுக்கு. இப்ப ஒண்ணு உட்டு ஒரு நாள் வந்து கட்டு மாத்தினாப் போதும். வருவாரா?"

"தெரியலீங்க டாக்டர்."

அந்த மாதிரிப் பதிலை அவள் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் பழைய படிவங்களை முதலிலிருந்து புரட்டினாள். "பதில் இல்லை" என்று எழுதிய பதினாலு பெயர்களையும் தனியே எடுத்து, கணினியில் ஒவ்வொன்றாகத் தேடினாள். மறுபடி வரச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தும் திரும்பி வராதவர்கள் அதில் ஒன்பது பேர். தோட்டத்தின் பெயரையோ தெருவின் பெயரையோ சொன்னவர்களில் எண்பது பேருக்கு அப்படி எழுதியிருந்தது. வராதவர்கள் ஏழே பேர். பதில் இருந்திருக்கிறது. அவள்தான் கட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து படிவத்தில் நான்காவது கட்டம் இல்லை. டோக்கன், கதவைத் திறந்ததும் கையில் கொடுக்கப்படுகிறது. அட்டையும் பேனாவும் நாற்காலிக்கு வருகின்றன. எழுத முடியாதவர் பக்கத்தில் அவளே போய் உட்காருகிறாள். வரவேற்பு வாசகம் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டது: "வாங்க." அதைச் சொல்லும்போது முதலில் காலிலிருந்து தலை வரைக்கும் ஆளைப் பார்க்கிறாள். சில பெண்கள் இதைத் தவறாக எடுத்துக்கொண்டு சேலையைச் சரி செய்கிறார்கள். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

அந்த ஒன்பது பேருக்கும் தினம் ஒருவராக, மதியம் கூட்டம் கலைந்த பின் போன் செய்தாள். "விசாலம் கிளினிக்ல இருந்து பேசறனுங்க. இப்ப ஒடம்பு எப்படிங்க இருக்குது?" ஆறு பேர் எடுத்தார்கள். ஒருவர் ஏதோ லோன் கம்பெனி என்று நினைத்துத் திட்டிவிட்டு வைத்தார். நால்வர் வந்தார்கள்.

ஜூலை 17, புதன்கிழமை, காலை 9.05க்குக் கதவு திறந்தது. துணிக்கட்டுக்குப் பதிலாக வெள்ளைக் கட்டு. மூக்குக் கண்ணாடியும் போட்டிருந்தார்.

"வாங்க" என்றாள்.

"பீர் பாயோட செருப்பு வெளிய கெடக்குதுங்க" என்றார் கருப்புசாமி. "இன்னைக்கு ஓடற வேல இல்லீங்களா?"

பீர் முகம்மது மருந்துக் கடைக்குள்ளிருந்து உரக்கச் சிரித்தார். லோகப்பிரியா டோக்கனைக் கொடுத்தாள். நோட்டில் அவர் பெயருக்கு நேரே, நேரம் எழுதும் பத்திகளைக் காலியாக விட்டாள்.

கருப்புசாமி, பதிவு எண் 2316. முதல் வருகை: 2024 ஜூலை 15. செப்டம்பர் 30 வரை மொத்த வருகை: 23.